நான்கு அயன் பெட்டி, ஒரே லைன்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் அயன் கடைக்காரருக்குப் பெரிய வேலை. மறுநாள் பள்ளிக்கூடம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவுன், டீச்சர்மாரின் சேலை என்று மேசையில் குவிந்துவிடும். எட்டியாந்தோட்டையோ தெரணியகலையோ, இறக்குவானையோ காவத்தையோ, அந்த நேரத்தில் கடையில் இருக்கிற பெட்டிகள் எல்லாம் ஒன்றாகச் சூடேறும். மெயின் விழுவதும் அப்போதுதான், பல்ப் மங்குவதும் அப்போதுதான். சில கடைகளில் பிளக் பக்கமிருந்து மீன் வாடைபோல ஒரு நாற்றமும் வரும்.

மெயின் விழுந்தால் கடைக்காரருக்குக் கோபம் வரும். பல்ப் மங்கினால் மின்சார சபையைத் திட்டுவார். அந்த வாடையை மட்டும் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. மூன்றிலும் பயப்பட வேண்டியது அந்த வாடைக்குத்தான்.

லயன் தொகுதியில் தீ, மின்னொழுக்கே காரணம் என்று சந்தேகம் என மலையகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அந்த ஒழுக்கு எந்தப் பிளக்கில், எந்த முறுக்கில் தொடங்கியது என்பது செய்தியில் வருவதில்லை. லயத்தில் ஒரு கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது. ஓர் அறையின் முன்பக்கத்தில் மேசை போட்டு அயன் கடை நடத்துகிறவருடைய வயர், அந்தக் கூரைக்கு அடியில் இருக்கிற எல்லோருடைய வயரும்தான். அதனால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சிரட்டைக் கரிப் பெட்டிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தோட்டத்து டோபி நான்கு பெட்டி வைத்திருந்தால் நான்கு நெருப்பு. ஒன்றில் கரி கூடினால் மற்றதற்கு ஒன்றும் ஆகாது. கரண்டுக்கு வந்த பிறகு நான்கு பெட்டிக்கும் சூடு ஒரே வயர் வழியாக வருகிறது. ஒரு பெட்டியை மட்டும் தாங்கிய முடிச்சு, நான்கு பெட்டிக்கும் தாங்கும் என்று நம்பிவிடுகிறோம்.

நான்கு பெட்டி எவ்வளவு இழுக்கும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கடையை வைத்துக்கொள்வோம். டவுனுக்குப் போகும் தோட்டத்து ரோட்டோரம் இருக்கிறது, தகரக் கூரை. மீட்டர் பின்னால் உள்ள வீட்டில், கடையிலிருந்து 25 மீட்டர் தள்ளி. கடையில் 1000 வாட் பெட்டி நான்கு, இரண்டு பல்ப், ஒரு மின்விசிறி.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 1000ஐ 230ஆல் வகுத்தால் 4.35. ஒரு பெட்டி இழுப்பது இவ்வளவு அம்பியர். நான்கும் சேர்ந்தால் 17.4. பல்ப், மின்விசிறிக்கு ஓர் அம்பியர் போட்டால் 18.4. வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால் இது தாராளமாக அடங்கும். பழைய 15 அம்பியர் இணைப்பு என்றால் அடங்காது. ஆனால் உடனே விழவும் செய்யாது. 15 அம்பியர் பிரேக்கரில் 18 அம்பியர் ஓடினால் அது நேரமெடுத்துச் சூடாகித்தான் விழும். “நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்திச்சு, சும்மா விழுந்திருச்சு” என்று கடைக்காரர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அது சும்மா விழவில்லை. ஒரு மணி நேரமாகத் தாங்கிவிட்டு விழுந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். அயன் பெட்டி எப்போதும் கரண்ட் எடுப்பதில்லையே, சூடானதும் சிவப்பு விளக்கு அணைந்துவிடுகிறதே? உண்மைதான். உள்ளே இருக்கிற தேர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் எடுக்கும். பாதி நேரம் எடுக்கிறது, பாதி நேரம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கும் ஒரே நொடியில் எடுத்துக்கொண்டிருப்பது பதினாறில் ஒரு பங்கு நேரம்தான். “ஒரே நேரத்துல எல்லாம் எங்க எரியுது?” என்ற நம்பிக்கை இதிலிருந்து வருகிறது.

அந்த நம்பிக்கை இரண்டு இடத்தில் உடைகிறது. காலையில் கடை திறந்து நான்கையும் ஒன்றாகப் போடும்போது எல்லாம் குளிர்ந்திருக்கின்றன. சூடேறி முடியும்வரை நான்கும் விடாமல் இழுக்கும். இரண்டாவது இடம் மழைக்காலம். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில் மழைக்காலம் சிறியதல்ல. அரைகுறையாகக் காய்ந்த தடித்த பருத்தித் துணி பெட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு பெட்டி நான்கில் மூன்று பங்கு நேரம் கரண்ட் எடுக்கிறது என்றால், நான்கும் சேர்ந்து எடுக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

பில்லுக்குச் சராசரி போதும். நான்கு பெட்டி எட்டு மணி நேரம், பாதி நேரம் எடுக்கிறது என்றால் ஒரு நாளைக்கு 16 யூனிட். வயருக்குச் சராசரி உதவாது. நான்கும் சேர்ந்து இழுக்கிற அந்த 17.4 அம்பியரைத்தான் வயரும், அதைவிட முக்கியமாக வயரின் ஒவ்வொரு இணைப்பும் தாங்க வேண்டும்.

மல்டி பிளக்கில் நடப்பது

நம் எடுத்துக்காட்டுக் கடைக்கு, அப்படிப்பட்ட பல கடைகளைப்போல, சுவரில் ஒரேயொரு பிளக் பொயின்ட். அதில் ஒரு மல்டி பிளக், மல்டி பிளக்கில் நான்கு பெட்டி. நான்கு பெட்டியின் 17.4 அம்பியரும் அந்த ஒரு பிளக்கின் இரண்டு முனை வழியாக, அதற்குள் இருக்கிற ஒரு சின்ன ஸ்குரூவின் கீழ் நெரிந்திருக்கிற சில செம்பு இழைகள் வழியாகப் போகிறது.

அந்த ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தின் மின்தடை பத்தில் ஒரு ஓம் மட்டுமே. ஒரு பெட்டி ஓடும்போது அங்கே உண்டாகும் சூடு இரண்டு வாட்டுக்கும் குறைவு. கையில் தெரியாது. நான்கு பெட்டி ஓடும்போது கரண்ட் நான்கு மடங்கு, சூடு நான்கு மடங்கல்ல, பதினாறு மடங்கு. ஏறக்குறைய 30 வாட். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் கம்பியின் சூடு அது. அந்தச் சூடு ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள், ஒரு மிளகளவு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். மீன் வாடை வருவது அந்தப் பிளாஸ்டிக் வேகத் தொடங்கும்போது.

இதைத் தடுக்க ஏதாவது இருக்க வேண்டுமே? 13 அம்பியர் சதுர முனைப் பிளக்குக்குள் 13 அம்பியர் பியூஸ் இருக்கிறது. ஆனால் அந்த வகைப் பியூஸ் 13 அம்பியரைத் தாண்டியதும் போய்விடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தரப்படி 20 அம்பியர் வரைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும் என்றே செய்திருக்கிறார்கள். 17.4 அம்பியரில் அது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். போர்டில் இருக்கிற 30 அம்பியர் பிரேக்கருக்கு 18 அம்பியர் ஒரு பொருட்டே அல்ல.

மிச்சம் இருப்பது ட்ரிப் சுவிட்ச். இதைப் பற்றித்தான் கடைக்காரர்கள் அதிகம் தவறாக நினைக்கிறார்கள். ட்ரிப் சுவிட்ச் லோடைப் பார்ப்பதில்லை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. வெளியே 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும். தளர்ந்த ஸ்குரூவில் 30 வாட் வெந்துகொண்டிருந்தாலும் போனது அவ்வளவும் திரும்பி வருகிறது, கசிவு எதுவும் இல்லை. அதனால் அது விழாது. “ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்ல” என்று சொல்லுகிற கடையில் அந்தப் பிளக்கைக் காக்க எதுவும் இல்லை.

கண்டுபிடிக்க மீட்டரும் கருவியும் வேண்டாம். எல்லாப் பெட்டியும் இருபது நிமிடம் ஓடிய பிறகு, ஈரமில்லாத கையின் பின்புறத்தால் ஒவ்வொரு பிளக்கின் பிளாஸ்டிக் முதுகையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த இடம் பழுது. பிறகு சுவிட்சை அணைத்துக் கழற்றிப் பார்த்தால், மூன்று முனையில் ஒன்றின் அடிப்பக்கம் மட்டும் பழுப்பாக இருக்கும். எந்த முனை பழுத்திருக்கிறதோ அதன் பிடிதான் தளர்ந்திருக்கிறது. பழுத்த பிளக்கையும் சொக்கட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதன் தளர்ந்த பிடி புதியதையும் எரிக்கும்.

வட்ட முனைப் பிளக்குக்கு அடாப்டர் போட்டு, அடாப்டரை மல்டி பிளக்கில் செருகுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கையே நாட்டின் தரமாக அறிவித்த பிறகும், லயத்துச் சுவர்களில் பழைய வட்டத் துளைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அடாப்டரும் இன்னொரு தளர்ந்த பிடி. இரண்டு முனை அடாப்டர் என்றால் பெட்டியின் எர்த் வயரும் அங்கேயே அறுந்துபோகிறது.

வயரிங் பாஸிடம் என்ன கேட்பது

வயர் கடையில் 1/1.13, 7/0.67, 7/1.04 என்று சொல்வார்கள். முதல் எண் எத்தனை இழை, இரண்டாவது ஒவ்வோர் இழையும் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு. 1/1.13 என்பது ஒரு சதுர மில்லிமீட்டர், பல்புக்குப் போடுவது. 7/0.67 இரண்டரை சதுர மில்லிமீட்டர், பிளக் பொயின்ட்டுக்குப் போடுவது. 7/1.04 ஆறு சதுர மில்லிமீட்டர். பல்புக்கு இழுத்த 1/1.13 லைனிலிருந்து தட்டி எடுத்து அயன் பெட்டிக்குப் பொயின்ட் வைத்திருந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைக் கழற்றச் சொல்லுங்கள்.

நம் கடைக்கு வேண்டியது இவ்வளவுதான். மீட்டர் பக்கத்திலிருந்து கடைக்கு 7/1.04இல் ஒரு தனி லைன். கடைச் சுவரிலேயே ஒரு சிறிய போர்டு. அதில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். அதன் பின்னால் 16 அம்பியர் பிரேக்கர் இரண்டு, 6 அம்பியர் ஒன்று. ஒவ்வொரு 16 அம்பியர் பிரேக்கரிலிருந்தும் 7/0.67இல் ஒரு லைன் போய், ஒவ்வொன்றிலும் இரண்டு பெட்டி. 6 அம்பியரில் பல்பும் மின்விசிறியும். ஒரு பெட்டிக்கு ஒரு பிளக் பொயின்ட், மேசை மட்டத்துக்கு மேலே, சுவரில்.

இப்படிப் பிரித்ததும் பெட்டிக்குப் போகிற இரண்டு லைனில் எதிலும் 8.7 அம்பியருக்கு மேல் ஓடாது, எந்தப் பிளக்கிலும் 4.35க்கு மேல் ஓடாது. அதே தளர்ந்த ஸ்குரூ இருந்தாலும் 30 வாட் இருந்த இடத்தில் இரண்டு வாட்தான். நாளைக்கு ஒரு பெட்டியை எடுத்துவிட்டு 2000 வாட் ஸ்டீம் அயன் வாங்கினாலும் அந்த லைனில் 13 அம்பியர், 16க்குள் அடங்கிவிடும். இரண்டு ஸ்டீம் அயன் என்றால் ஒரு லைனுக்கு ஒன்றாகப் போட வேண்டும். 1000 வாட் பெட்டியின் பிளக்குக்குள் 13 அம்பியர் பியூசுக்குப் பதில் 5 அம்பியர் பியூஸ் போட்டால், பெட்டியின் கோட் நைந்து ஷோர்ட் ஆகும்போது அது முதலில் போகும்.

ஏன் 20 அம்பியர் பிரேக்கர் போடவில்லை என்று பாஸ் கேட்கலாம். குழாய்க்குள் போகிற 7/0.67 வயர் 30 பாகை வெப்பத்தில் 24 அம்பியர் தாங்கும். தகரக் கூரைக்கு அடியில் நண்பகலில், கீழே நான்கு பெட்டி எரிய, 45 பாகை வந்துவிட்டால் அதே வயர் தாங்குவது 19தான். அதனால்தான் 16. முடிந்தவரை குழாயைத் தகரத்தை ஒட்டி விடாமல் சுவரில் இறக்குவதும் இதற்காகத்தான்.

தடித்த லைன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் துணியிலேயே தெரியும். சமனலவெவ மின்நிலையம் இரத்தினபுரி மாவட்டத்தில்தான் இருக்கிறது, 120 மெகாவாட். ஆனால் தோட்டத்துக் கடைசித் தூணில் தொங்குகிற லைனுக்கு அதனால் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரம் கூடக்கூட வோல்ட் இறங்கும். சட்டப்படி 6 சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 216. பின்னேரம் ஆறரை மணிக்குப் பிறகு, எல்லா வீட்டிலும் கரண்ட் எடுக்கும் உச்ச நேரத்தில், இந்த இறக்கம் நன்றாகத் தெரியும். அதற்கு மேல் 25 மீட்டருக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து நான்கு பெட்டியையும் போட்டால் இன்னும் 11 வோல்ட் போய்விடும். பெட்டிக்குக் கிடைப்பது 205.

வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பெட்டியின் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறையும். 1000 வாட் பெட்டி 800 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். மடிப்பு நிற்காது. கடைக்காரர் தேர்மோஸ்டாட்டைக் கடைசிவரை திருப்புவார். அது இனி அணையவே அணையாது. நான்கும் ஒன்றாக இழுக்கிற நேரம் இப்படித்தான் கூடுகிறது. 7/1.04 போட்டிருந்தால் அந்த 25 மீட்டரில் போவது மூன்றரை வோல்ட்டுக்குள்தான். தூணிலேயே வோல்ட் இல்லையென்றால் தடித்த வயரும் உதவாது. அப்போது வெள்ளைத் துணியையும் தடித்த துணியையும் பகலுக்கு மாற்றி, இரவுக்கு மெல்லிய துணியை வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

மழை நாளில் விழுகிற ட்ரிப் சுவிட்ச்

அயன் பெட்டியின் அடி உலோகம், தரை சிமெந்து, துணியில் தண்ணீர் தெளிக்கிற கை, பல கடைகளில் வெறும் கால். பெட்டிக்குள் லைன் வயர் உலோகத்தில் பட்டால் அந்தக் கரண்ட் எர்த் வயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். நம் நாட்டில் வீட்டு எர்த் என்பது வாசலில் இறக்கியிருக்கிற கம்பிதான். கல்லும் சரளையுமான மண்ணில் அந்தக் கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்தால், அதன் வழியே போகக்கூடியது 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது, பெட்டியின் உடம்பில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிட்ச்தான் அங்கே உயிரைக் காப்பாற்றுவது. லோடைப் பார்க்காத அதே சுவிட்ச்தான் இந்த வேலைக்கு இருக்கிறது.

அதனால்தான், “மழை பேஞ்சா விழுந்துக்கிட்டே இருக்கு” என்று ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுகிற வேலையைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது. அது விழுவதற்குக் காரணம் உண்டு, கண்டுபிடிக்கவும் முடியும்.

நல்ல 1000 வாட் பெட்டி ஒன்று கசியவிடுவது ஒரு மில்லி அம்பியருக்கும் குறைவு. பழைய பெட்டியின் சூட்டுக்கம்பியைச் சுற்றியிருக்கிற காப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டால் கசிவு ஐந்து, எட்டு என்று ஏறும். ட்ரிப் சுவிட்ச் 30இல் கட்டாயம் விழ வேண்டும், 15ஐத் தாண்டியதுமே விழவும் கூடும். மூன்று பெட்டி ஆளுக்கு ஆறு மில்லி அம்பியர் கசியவிட்டால் எந்த ஒன்றும் தனியாக அதை விழுத்தாது, மூன்றும் சேர்ந்து விழுத்திவிடக்கூடும். “ஒவ்வொண்ணாப் போட்டா ஓடுது, எல்லாத்தையும் போட்டா விழுது, அப்ப லோட்தானே?” என்று கடைக்காரர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். லோட் கூடினால் விழுவது பிரேக்கர். விழுந்தது ட்ரிப் சுவிட்ச் என்றால் கசிவு. எந்த நெம்பு கீழே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கசிவு என்றால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ட்ரிப் சுவிட்சை மேலே தூக்குங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் பழுது சுவர் வயரில், பெட்டியில் இல்லை. நின்றால் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள், பிறகு வரிசையை மாற்றிச் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பெட்டி வரும்போதெல்லாம் விழுகிறதோ அதுதான் அதிகம் கசிகிறது. வேலை தொடங்கி சூடேறிய பிறகு விழாமல் நின்றால் அது ஈரம். சூடேறிய பிறகும் விழுந்தால் சூட்டுக்கம்பியோ கோட்டோ போய்விட்டது. கோட்டில் முதலில் போவது பெட்டியின் கழுத்தை விட்டு வெளியே வருகிற இரண்டு அங்குலம். அங்கே துணி நூல் பிரிந்திருந்தால் டேப் சுற்றாமல் கோட்டையே மாற்றுங்கள். மாற்றும்போது துணி நெய்த ரப்பர் கோட் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் கோட் சூடான அடியில் ஒருமுறை பட்டால் உருகிவிடும்.

மாதத்துக்கொரு முறை ட்ரிப் சுவிட்சில் உள்ள சிறிய பட்டனை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். பெரிய இடி மின்னல் போன மறுநாளும் அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் செத்துவிட்டது.

இணைப்புக்கு எழுதும்போது

வீட்டு இணைப்பில் கடை நடத்துவதும், பக்கத்து லயத்திலிருந்து லைன் இழுப்பதும் மின்சார சபையின் விதிக்கு மாறானவை. வீட்டுக்கும் கடைக்கும் கட்டண வகை வேறு. தோட்ட நிலத்தில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், நிலம் தன் பெயரில் இல்லை. அதனால் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கிறது. அதற்கு அலைவதைவிட ஒரு மல்டி பிளக் வாங்குவது எளிது என்று பலர் நினைப்பதில் எனக்கு வியப்பில்லை. கடிதம் கொடுக்கத் தாமதிக்கிற நிர்வாகங்கள், தங்கள் லயத்துக் கூரைக்குக் கீழே எத்தனை பெட்டி ஒரே பிளக்கில் தொங்குகிறது என்பதை ஒருமுறை நடந்து பார்த்தால் நல்லது.

பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் மல்டி பிளக்கை எடுத்துவிட்டு, நான்கு பொயின்ட்டும் இரண்டு லைனும் போடுங்கள். மீட்டரிலிருந்து வரும் தடித்த லைனை அடுத்த மாதம் மாற்றலாம். அதுவரை இரண்டு பெட்டியை முதலில் போட்டு, அவை சூடாகி விளக்கு அணைந்த பிறகு மற்ற இரண்டையும் போட்டால் காலை நேரத்து முழு இழுப்பு பாதியாகும்.

விண்ணப்பத்தில் எவ்வளவு லோட் என்று கேட்பார்கள். நான்கு 1000 வாட் பெட்டிக்கும் பல்பு, மின்விசிறிக்கும் 4.2 கிலோவாட். இரண்டு வருடத்துக்குள் இரண்டு பெட்டிக்குப் பதிலாக ஸ்டீம் அயன் வாங்கும் எண்ணம் இருந்தால் 6.2 கிலோவாட். இதற்கு 27 அம்பியர் வேண்டும், ஒற்றைக் கட்டம் 30 அம்பியரில் இடுங்கி நிற்கும். மூன்று ஸ்டீம் அயன் என்று வந்துவிட்டால் ஒற்றைக் கட்டம் போதாது, மூன்று கட்ட இணைப்புக்கு எழுத வேண்டும். அப்போது பெட்டிகளைக் கட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போடும்படி பாஸிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் மாட்டிவிட்டால் மூன்று வயருக்குப் பணம் கட்டி ஒன்றை மட்டும் எரித்துக்கொண்டிருப்பீர்கள்.